லாபம் 18 லட்சம், ஈக்விட்டி ஏறியதோ 37.5 லட்சம்: நடுவில் என்ன நடந்தது?

[திரையில்: மூடுபனிக்கு நடுவே ஒரு டீ ஃபேக்டரி. வாசலில் பச்சைத் தேயிலை மூட்டைகளோடு ஒரு ஜீப்.]

கோத்தகிரிப் பக்கம் ஒரு டீ ஃபேக்டரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கித் தூளாக்கி விற்கும் பிரைவேட் லிமிடெட் கம்பெனி. ஏப்ரல் 1 அன்று அதன் ஈக்விட்டி, அதாவது பங்குதாரர்களுக்குச் சேர வேண்டிய மொத்தம், 104 லட்சம் ரூபாய். அடுத்த மார்ச் 31 அன்று 141.5 லட்சம். வரி போக லாபம் 18 லட்சம்தான். மீதி எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் தாள்தான் ஈக்விட்டி மாற்ற அறிக்கை. இன்ட் ஏஎஸ் என்ற இந்தியக் கணக்கியல் தரநிலைகளைப் பின்பற்றும் கம்பெனிகளுக்கு இது தனி அறிக்கை. மற்ற கம்பெனிகளில் பங்கு மூலதனம், ரிசர்வ் பற்றிய குறிப்புகளுக்குள் இதே கணக்கு இருக்கும்.

[திரையில்: அட்டவணை, ஒவ்வொரு வரியாகத் தோன்றுகிறது. தொகை லட்சத்தில்.]

| | பங்கு மூலதனம் | செக்யூரிட்டீஸ் பிரீமியம் | தக்கவைத்த லாபம் | மொத்தம் |
|---|---|---|---|---|
| ஏப்ரல் 1 | 50 | 20 | 34 | 104 |
| லாபம் | – | – | 18 | 18 |
| டிவிடெண்ட் | – | – | (5) | (5) |
| புதிய பங்குகள் | 10 | 15 | – | 25 |
| வெளியீட்டுச் செலவு | – | (0.5) | – | (0.5) |
| மார்ச் 31 | 60 | 34.5 | 47 | 141.5 |

முதல் வரி போன வருஷத்து ஆடிட் ஆன பேலன்ஸ் ஷீட்டிலிருந்து அப்படியே வர வேண்டும். 50 லட்சம் மூலதனம் என்றால் 10 ரூபாய் முகமதிப்பில் 5 லட்சம் பங்குகள்.

லாபம் “தக்கவைத்த லாபம்” கட்டத்துக்குத்தான் போகும். டிவிடெண்ட் அதே கட்டத்திலிருந்துதான் கழியும். செப்டம்பர் பொதுக்கூட்டத்தில் பங்குக்கு 1 ரூபாய் அறிவித்தார்கள். 5 லட்சம் பங்குக்கு 5 லட்சம். பங்குதாரருக்குக் கொடுப்பது செலவல்ல, அதனால் லாப நஷ்டக் கணக்கில் இது வரவே கூடாது. அங்கேயும் கழித்து இங்கேயும் கழித்தால் ஒரே பணம் இரண்டு முறை போய்விடும்.

டிசம்பரில் 1 லட்சம் புதிய பங்குகளை 25 ரூபாய் வீதம் கொடுத்தார்கள். ஒவ்வொரு 25 ரூபாயிலும் முகமதிப்பான 10 மூலதனத்துக்கு, அதற்கு மேல் வந்த 15 பிரீமியத்துக்கு. வெளியீட்டுச் செலவு 50 ஆயிரத்தை பிரீமியத்திலிருந்து எழுதித் தள்ள கம்பெனிகள் சட்டம் 52-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. புதிய பங்குகளால் வந்த பணத்தில் தேயிலை வாட்டும் தொட்டி ஒன்று வாங்கியிருக்கிறார்கள். அதை இந்த அட்டவணையில் தேடாதீர்கள்: பணம் தொட்டியாக மாறியது சொத்துப் பக்கத்து விஷயம், ஈக்விட்டி அசையாது.

[திரையில்: “மொத்தம்” கட்டத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.]

இப்போது தவறுகளுக்கு வருவோம். மிக ஆபத்தானது, மொத்தம் சரியாக வந்தும் உள்ளே பிசகியிருப்பது. டிசம்பரில் வந்த 25 லட்சத்தை முழுசாகப் பங்கு மூலதனத்தில் போட்டுவிட்டால் மொத்தம் அதே 141.5 தான் வரும். யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் மூலதனக் கட்டம் 75 லட்சம் காட்டும். அதை 10-ஆல் வகுத்தால் 7.5 லட்சம் பங்குகள். உறுப்பினர் பதிவேட்டில் இருப்பதோ 6 லட்சம். அதனால் மொத்தத்தைப் பார்ப்பதற்கு முன்பே பங்கு எண்ணிக்கையை முகமதிப்பால் பெருக்கிப் பாருங்கள். அரை நிமிட வேலைதான்.

அடுத்தது, டிவிடெண்டை பேங்க் ஸ்டேட்மென்ட்டிலிருந்து எடுத்து எழுதுவது. பங்குதாரர்களிடம் 42,000 ரூபாய் டிடிஎஸ் பிடித்திருந்தால் அவர்கள் கணக்குக்குப் போனது 4,58,000 மட்டும். அதையே அறிக்கையில் போட்டால் முடிவு 141.92 லட்சம் என்று வரும், பேலன்ஸ் ஷீட்டோடு ஒட்டாது. வித்தியாசம் டிடிஎஸ் லெட்ஜர் தொகையோடு அப்படியே பொருந்தினால் காரணம் இதுதான். டிடிஎஸ் பங்குதாரரின் வரி. கம்பெனி கொடுத்த டிவிடெண்ட் முழு 5 லட்சம்.

மூன்றாவது, தேதிக் குழப்பம். வருஷம் முடிந்த பிறகு, மே மாதம் கூடிய போர்டு பங்குக்கு 1.50 ரூபாய் டிவிடெண்ட் பரிந்துரைக்கிறது. 6 லட்சம் பங்குக்கு 9 லட்சம். கணக்கு இன்னும் மூடவில்லையே என்று இதை மார்ச் 31-க்கே கழித்துவிடுபவர்கள் உண்டு. அந்தத் தேதியில் கம்பெனி யாருக்கும் அந்தப் பணம் கடன்படவில்லை. பொதுக்கூட்டம் அறிவித்த பிறகுதான் கடன் பிறக்கிறது. ஆகவே இந்த வருஷ அறிக்கையில் அது குறிப்பாக மட்டுமே வரும்.

[திரையில்: புதிய அட்டவணை. முதல் வரி: ஏப்ரல் 1, 60, 34.5, 47, 141.5.]

அந்த 9 லட்சம், பொதுக்கூட்டம் அதை அறிவித்ததும், இந்தப் புதிய அட்டவணையில் 47 என்ற கட்டத்திலிருந்து கழியும்.