அசிட்டோனில் அரிது, அசிட்டைல் அசிட்டோனில் பெரும்பான்மை: ஈனால் எப்போது நிலைபெறுகிறது?

[திரையில்: CH₃COCH₃, அதன் கீழே CH₃COCH₂COCH₃]

திரையில் இரண்டு மூலக்கூறுகள் உள்ளன. மேலே இருப்பது அசிட்டோன். கீழே இருப்பது அசிட்டைல் அசிட்டோன், அதாவது பென்டேன்-2,4-டையோன். இரண்டும் கீட்டோன்கள், இரண்டாவதில் ஒரு கார்பனைல் தொகுதி கூடுதலாக இருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் நீரில் கரைந்த அசிட்டோனில் ஏறத்தாழ இருபது கோடி மூலக்கூறுகளுக்கு ஒன்றுதான் ஈனால் வடிவில் இருக்கிறது. அறை வெப்பநிலையில் குப்பியில் இருக்கும் தூய அசிட்டைல் அசிட்டோனிலோ ஐந்தில் நான்கு மூலக்கூறுகள் ஈனாலாகவே இருக்கின்றன. இவ்வளவு பெரிய வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதுதான் இந்த வீடியோவின் கேள்வி.

[திரையில்: CH₃–CO–CH₃ ⇌ CH₂=C(OH)–CH₃]

முதலில், மாறுவது எது என்று பார்த்துவிடுவோம். கார்பனைலுக்கு அடுத்த கார்பனில் உள்ள ஒரு ஹைட்ரஜன் அங்கிருந்து விலகி ஆக்சிஜனைச் சேர்கிறது. இரட்டைப் பிணைப்பு கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையிலிருந்து இரு கார்பன்களுக்கு இடையே நகர்கிறது. மாறுவதற்கு முன் இருப்பது கீட்டோ வடிவம், மாறிய பின் கிடைப்பது ஈனால். இங்கே ஓர் அணுவே இடம் மாறுவதால், இது உடனிசைவு அல்ல. இரண்டும் தனித்தனிச் சேர்மங்கள், அவற்றுக்கு இடையே நிலவுவது உண்மையான வேதிச் சமநிலை. தேர்வுத் தாள்களில் இதற்கு இரட்டைத் தலை அம்பு போடுவதைப் பலமுறை பார்க்கலாம். அது தவறு, எதிரெதிராகச் செல்லும் இரண்டு அம்புகளே சரி. அமிலமோ காரமோ சிறிதளவு இருந்தால் சமநிலை விரைவில் எட்டப்படும், ஆனால் அது எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை வினையூக்கி தீர்மானிப்பதில்லை.

[திரையில்: கீட்டோ: C=O 745, C–C 347, C–H 413. ஈனால்: C=C 611, C–O 358, O–H 463]

அது எந்தப் பக்கம் சாயும் என்பதைச் சராசரிப் பிணைப்பு ஆற்றல்களைக் கொண்டு மதிப்பிடலாம். இரு வடிவங்களிலும் மாறாத பிணைப்புகளை விட்டுவிட்டு, மாறுபவற்றை மட்டும் கூட்டினால், கீட்டோ பக்கம் ஒரு மோலுக்கு 1505 கிலோஜூலும் ஈனால் பக்கம் 1432 கிலோஜூலும் கிடைக்கின்றன. O–H பிணைப்பு C–H பிணைப்பைவிட வலியது என்பதால் ஈனாலுக்குச் சற்று ஆதாயம் உண்டு; ஆனால் வலிமை மிக்க C=O இரட்டைப் பிணைப்பை இழப்பதால் ஏற்படும் நட்டத்தை அந்த ஆதாயம் ஈடுகட்டுவதில்லை. கீட்டோ வடிவம் பெரும்பாலும் மேலோங்கி நிற்பதற்கு அடிப்படைக் காரணம் இதுதான்.

பாடநூல்கள் வழக்கமாக இங்கேயே நிறுத்திக்கொள்கின்றன. ஆனால் கணக்கில் கிடைத்த 73 கிலோஜூல் வேறுபாட்டை அப்படியே நம்பக் கூடாது. அசிட்டோனின் சமநிலை மாறிலியை அளந்து, அதிலிருந்து கட்டிலா ஆற்றல் வேறுபாட்டைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 47 கிலோஜூல்தான் வருகிறது. சராசரி மதிப்புகள் அண்டை அணுக்களைக் கருத்தில் கொள்வதில்லை என்பது இந்த இடைவெளிக்கு ஒரு காரணம்; ஈனாலில் உள்ள ஆக்சிஜனின் தனித்த எலக்ட்ரான் இரட்டை, பக்கத்து C=C பிணைப்போடு கலந்து அந்த வடிவத்தை ஓரளவு நிலைப்படுத்துகிறது என்பது இன்னொரு காரணம். ஆகவே கூட்டல் கணக்கு திசையைச் சரியாகக் காட்டும், அளவைக் காட்டாது.

இனி ஈனாலை மேலோங்கச் செய்ய வேண்டுமென்றால், அந்த 47 கிலோஜூலை ஈடுசெய்யும் ஏதோ ஒன்று ஈனாலுக்குக் கிடைக்க வேண்டும், அல்லது கீட்டோ வடிவம் ஏதேனும் ஒரு சங்கடத்தில் இருக்க வேண்டும். அசிட்டைல் அசிட்டோனில் இரண்டுமே நடக்கின்றன.

[திரையில்: ஈனாலின் ஆறணு வளையம், O–H···O புள்ளிக் கோட்டில்]

நடுவிலுள்ள CH₂ தொகுதியின் ஒரு ஹைட்ரஜன் ஆக்சிஜனுக்குப் போனதும், புதிய C=C பிணைப்பும் எஞ்சியிருக்கும் C=O பிணைப்பும் ஒன்றுவிட்ட இரட்டைப் பிணைப்புகளாக அமைந்து, எலக்ட்ரான்கள் இரண்டின் மீதும் பரவுகின்றன. அதே வேளையில் O–H தொகுதி எதிரேயுள்ள கார்பனைல் ஆக்சிஜனை நோக்கி அமைந்து, வலிமையான உள்மூலக்கூறு ஹைட்ரஜன் பிணைப்பை உண்டாக்குகிறது. ஹைட்ரஜனையும் சேர்த்து எண்ணினால் அது ஓர் ஆறணு வளையம். கீட்டோ வடிவத்திலோ இரண்டு கார்பனைல் இருமுனைகள் நெருக்கமாக நின்று ஒன்றையொன்று விலக்குகின்றன.

[திரையில்: அசிட்டைல் அசிட்டோனின் புரோட்டான் என்.எம்.ஆர். நிறமாலை]

இதைச் சரிபார்க்க என்.எம்.ஆர். மிகவும் ஏற்றது. கீட்டோவும் ஈனாலும் ஒன்று மற்றொன்றாக மாறுவது இக்கருவியின் கால அளவில் மெதுவானது என்பதால், இரண்டுக்கும் தனித்தனி முகடுகள் தெரிகின்றன. ஈனாலின் நடுக் கார்பனிலுள்ள ஒற்றை ஹைட்ரஜன் 5.5 பி.பி.எம். அருகிலும், கீட்டோவின் CH₂ ஹைட்ரஜன்கள் 3.6 அருகிலும், ஹைட்ரஜன் பிணைப்பில் சிக்கிய O–H ஹைட்ரஜன் வெகுதொலைவில் 15-ஐத் தாண்டியும் தோன்றுகின்றன. முதல் முகட்டின் பரப்பு 80 என்றும் இரண்டாவதன் பரப்பு 40 என்றும் வைத்துக்கொள்வோம். ஈனாலின் பங்கு 120-க்கு 80, அதாவது 67 விழுக்காடு என்று எழுதுவதுதான் ஆய்வகக் குறிப்பேடுகளில் வழக்கமாக நிகழும் பிழை. 3.6-இல் உள்ள முகடு இரண்டு ஹைட்ரஜன்களுடையது. அதை இரண்டால் வகுத்தால் கீட்டோ 20, ஈனால் 80, எனவே விடை 80 விழுக்காடு.

அடுத்து, கரைப்பானை மாற்றிப் பார்ப்போம். ஹெக்சேனில் ஈனாலின் பங்கு 90 விழுக்காட்டைத் தாண்டுகிறது. நீரிலோ ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் குறைவு. ஹெக்சேன் ஹைட்ரஜன் பிணைப்பு எதையும் தருவதில்லை. எனவே தனக்குள்ளேயே அதை அமைத்துக்கொள்ளும் ஈனாலே அங்கே ஆதாயம் பெறுகிறது. நீர் மூலக்கூறுகளோ கீட்டோவின் இரு கார்பனைல்களுக்கும் தாராளமாக ஹைட்ரஜன் பிணைப்பு தந்து, அந்த இருமுனைகளின் விலக்கத்தையும் தணித்துவிடுகின்றன.

எத்தில் அசிட்டோ அசிட்டேட்டிலும் இதே போக்குதான், ஆனால் ஈனாலின் பங்கு குறைவு: தூய திரவத்தில் ஏறத்தாழ 8 விழுக்காடு. எஸ்டரின் கார்பனைல், தன் பக்கத்து ஆக்சிஜனிடமிருந்து ஏற்கெனவே எலக்ட்ரான்களைப் பெற்றிருப்பதால், ஈனாலோடு இணைவதால் அதற்குக் கிடைக்கும் கூடுதல் பயன் சிறிது. உள்ளே பூட்டிய O–H பக்கத்து மூலக்கூறுகளைப் பற்றாததால், இந்த ஈனால் கீட்டோவைவிடக் குறைந்த வெப்பநிலையில் கொதிக்கிறது. இதைப் பயன்படுத்தி வேதியியலாளர் குர்ட் மேயர் குவார்ட்ஸ் கருவியில் ஈனாலைத் தனியே வடித்தெடுத்தார். சாதாரணக் கண்ணாடியின் காரத்தன்மையே சமநிலையை மீட்டுவிடும் என்பதால் குவார்ட்ஸ் தேவைப்பட்டது.

[திரையில்: டைமெடோன், வளையத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் C=O, C–OH]

‘முனைவற்ற கரைப்பானில் ஈனால் கூடும்’ என்பதைப் பொது விதியாக மனப்பாடம் செய்துகொண்டால், டைமெடோன் அதைப் பொய்யாக்கும். இதுவும் 1,3-டைகீட்டோன்தான், ஆனால் ஆறு கார்பன் வளையம் இரண்டு ஆக்சிஜன்களையும் எதிரெதிர்த் திசைகளில் இறுக்கிப் பிடித்திருப்பதால், O–H தொகுதியால் மற்ற ஆக்சிஜனை எட்ட முடியாது. உள் ஹைட்ரஜன் பிணைப்பு இல்லாத இந்த ஈனாலுக்கு வெளியிலிருந்துதான் துணை வேண்டும். ஆகவே நீரில் அதுவே மேலோங்குகிறது, நீர்த்த குளோரோஃபார்மில் கீட்டோ வடிவம் பெருமளவு திரும்பி வருகிறது. அதே குளோரோஃபார்மில் செறிவைக் கூட்டினால் ஈனால் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஹைட்ரஜன் பிணைப்பு அமைத்து மீண்டும் பெருகுகின்றன. எனவே ஒரு புதிய டைகீட்டோனைப் பார்க்கும்போது கரைப்பானை ஆராய்வதற்கு முன், அந்த O–H எந்த ஆக்சிஜனை எட்ட முடியும் என்பதை வரைந்து பார்க்க வேண்டும்.