ஈரம் இறங்கட்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

பெயிண்ட் நிறுவனங்களுக்குப் பண்டிகை விளம்பரம் எழுதுவது என் வேலை. கைப்பேசியில் நீங்களே பார்த்திருப்பீர்கள். ஒரு சின்னக் கதை வரும். அதில் ஒரு பாட்டி வாசலில் கோலம் போடுவார். நாம் மனம் இளகிப் படித்துக்கொண்டே போனால், கடைசியில் பொங்கல் தள்ளுபடி வந்து நிற்கும். கதை எந்த இடத்தில் தள்ளுபடியாகத் திரும்புகிறது, அந்தத் திருப்பத்தை எப்படி எழுதுவது என்பதைத்தான் இன்று உங்களோடு பேச நினைக்கிறேன். நான் எழுதிய ஒரு பொங்கல் பதிவையே எடுத்துக்கொள்கிறேன். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம்.

முதலில் எழுதியது இப்படி இருந்தது. மார்கழி விடியல், பனி, பாட்டி, கோலம், நடுவில் பூசணிப்பூ. அப்புறம் "பாட்டியின் கோலம் போல உங்கள் இல்லமும் வண்ணமயமாகட்டும்" என்று ஒரு வரி. அதற்குக் கீழே சலுகை. எழுதி முடித்தபோது எனக்குப் பிடித்திருந்தது. மறுநாள் படித்தால் அந்த ஒரு வரி உறுத்தியது. பாட்டி போட்டது வெள்ளைக் கோலம், ஓரத்தில் காவி. அதில் எங்கே வண்ணமயம்? அதோடு, அந்த வரியைப் பட்டுப்புடவைக் கடைக்கும் போடலாம், இனிப்புக் கடைக்கும் போடலாம். பாட்டியைக் கூட்டிவந்து கடை வாசலில் நிறுத்திய மாதிரிதான் இருந்தது.

கோலத்திலும் ஒரு பிழை. "பதினைந்து புள்ளி, ஊடுபுள்ளி, எட்டு வரிசை" என்று எழுதியிருந்தேன். எங்கள் அலுவலகத்தில் பிழை திருத்தும் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "எட்டு வரிசையோட நின்னா அது பாதிக் கோலம் தம்பி" என்றார். அவர் சொன்னது சரி. கோல நோட்டில் '15 புள்ளி, ஊடுபுள்ளி, 8 வரை' என்று இருந்தால், நடுவரிசையில் 15 புள்ளி. மேலே போகப் போக ஒவ்வொன்றாகக் குறைந்து 14, 13 என்று 8-ல் நிற்கும். கீழேயும் அதே போல. மொத்தம் 15 வரிசை, 169 புள்ளி. கோலம் போடுகிற ஒருவர் இந்த இடத்தைப் படித்தால், இதை எழுதியவன் வாசலில் குனிந்தே பார்க்காதவன் என்று உடனே கண்டுபிடித்துவிடுவார். அதற்கப்புறம் சலுகையை அவர் எதற்கு நம்ப வேண்டும்?

அதனால் பாட்டி நிஜமாக என்ன செய்கிறார் என்று பார்க்கப் போனேன். என் வீட்டிலேயே அம்மா இன்னும் கோலம் போடுகிறார். ஒரு வாரம் விடியற்காலையில் எழுந்து திண்ணையில் உட்கார்ந்து பார்த்தேன். வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்த கையோடு அவர் மாவை எடுப்பதில்லை. கொஞ்ச நேரம் சும்மா நிற்கிறார். பிறகு கால் பெருவிரலால் மண்ணை லேசாக அழுத்திப் பார்க்கிறார். விரல் பட்ட இடத்தில் தண்ணீர் மினுங்கினால் இன்னும் காத்திருக்கிறார். ஏனென்று கேட்டேன். "இப்ப போட்டா மாவு தண்ணிய குடிச்சுக் கரைஞ்சிடும். ரொம்பக் காஞ்சாலும் ஒட்டாது, காத்துல போயிடும். ஈரம் உள்ள இறங்கணும், மேல நிக்கக் கூடாது" என்றார்.

நான் தேடிக்கொண்டிருந்த வரி அதுதான்.

ஏனென்றால் சுவருக்கும் அதே கணக்கு. நம் ஊரில் வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை பெய்கிறது. அது விட்டதும் பொங்கல். மழையில் மூன்று மாதம் ஊறிய வெளிச்சுவருக்கு உடனே பெயிண்ட் அடிக்கிறோம். சுவருக்குள் இருக்கும் தண்ணீர் வெயில் பட்டதும் வெளியே வரப் பார்க்கும். மேலே பெயிண்ட் படலம் மூடியிருப்பதால் அதைத் தள்ளிக்கொண்டு கிளம்பும். முதலில் சின்னச் சின்னக் கொப்புளம், பிறகு உரிந்து தொங்கும், அடியில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். பெயிண்ட் மட்டம் என்று திட்டுவோம். பல வீடுகளில் பெயிண்டின் மேல் குற்றமே இருக்காது, சுவர் காயவில்லை, அவ்வளவுதான். சந்தேகம் இருந்தால் ஒரு முழச் சதுரத்தில் பாலிதீன் தாளை எடுத்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். மறுநாள் பிரித்துப் பார்க்கும்போது தாளின் உள்பக்கம் துளி கோத்திருந்தால் சுவர் இன்னும் காய வேண்டும்.

இதைப் பாட்டியின் வாயில் வைத்தேன். பேரன், பொங்கலுக்குள் பெயிண்ட் அடித்துவிட வேண்டும் என்று அவசரப்படுகிறான். பாட்டி கோலத்துக்குத் தண்ணீர் தெளித்துவிட்டுக் காத்திருக்கிறார். இரண்டையும் ஒரே வாசலில் வைத்தால் போதும், வேறு ஜோடனை எதுவும் தேவைப்படவில்லை.

நிறுவனத்தில் கொஞ்சம் தயங்கினார்கள். சலுகை விளம்பரத்தில் 'காத்திரு' என்று சொல்லலாமா என்று கேட்டார்கள். நான் தேதியைக் காட்டினேன். அவர்கள் வைத்திருந்த திட்டப்படி சலுகை ஜனவரி 5-ல் தொடங்கி 14-ல் முடியும். சுரண்டி, பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, மேலே இரண்டு கோட் அடிக்க, சாதாரண வீட்டுக்கே ஒரு வாரம் ஓடிவிடும். அந்த நேரத்தில் பெயிண்டரும் கிடைக்க மாட்டார். அப்படி வாங்குகிறவர் ஈரச் சுவரில்தான் அடிப்பார், மார்ச் வெயிலில் அது உரிந்ததும் அவர் திட்டப்போவது நிறுவனத்தைத்தான். கடைசியில் சலுகையை மார்கழி முதல் நாளே தொடங்கி, தை மாதக் கடைசி வரை நீட்டினார்கள். காத்திருக்கிறவருக்கும் தள்ளுபடி கிடைக்கும் என்று ஆனபிறகுதான் பாட்டியின் பேச்சு உண்மையானது. அதுவரை அது வெறும் வசனம்.

சலுகை வரிகளை நான் கதையைவிட அதிக நேரம் எழுதினேன். எந்தப் பெயிண்டுக்கு, எந்த அளவு வாளிக்கு, எத்தனை சதவீதம், எந்தத் தேதி வரை. இவ்வளவும் கதை இருந்த அதே எழுத்தளவில், தமிழிலேயே. நட்சத்திரக் குறி போட்டு மூலையில் ஆங்கிலத்தில் நிபந்தனை எழுதும் பழக்கம் இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் கொண்டுவந்த விளம்பர வழிகாட்டு நெறிமுறைகளின்படி, விளம்பரம் எந்த மொழியில் வாக்குக் கொடுக்கிறதோ, பொறுப்புத் துறப்பும் அதே மொழியில் இருக்க வேண்டும். பாட்டி தமிழில் பேசிவிட்டு நிபந்தனையை மட்டும் வேறு மொழியில் சொன்னால், அந்தப் பாட்டியை நாம் ஏமாற்றுக்குத் துணையாக்குகிறோம். அது எனக்குச் சம்மதமில்லை.

வெளியான பதிவின் கடைசிப் பகுதியை வாசிக்கிறேன்.

"பெயிண்டருக்குச் சொல்லிட்டேன் பாட்டி, நாளைக்கே ஆரம்பிச்சிடலாம்" என்றான் பேரன்.

பாட்டி தெளித்த வாசலைப் பார்த்தபடி நின்றார். பெருவிரலால் ஒருமுறை அழுத்தினார். பிறகு இறவாரத்துக்குக் கீழே ஈரம் ஏறியிருந்த சுவரில் உள்ளங்கையை வைத்தார்.

"இதுவும் குளுகுளுன்னுதான் இருக்கு கண்ணு. நாலு வெயில் படட்டும்."

"அதுக்குள்ள பொங்கல் போயிடும் பாட்டி."

"பொங்கல் போனா என்ன, சுவரு இங்கதான நிக்கப் போவுது?"

ஈரம் இறங்கிவிட்டது. பாட்டி குனிந்து முதல் புள்ளியை வைத்தார்.

உங்கள் சுவரும் காயட்டும். வெளிச்சுவர் எமல்ஷன் 20 லிட்டர் வாளிக்கு 10 சதவீதத் தள்ளுபடி, தை மாதக் கடைசி நாள் வரை.

நன்றி, வணக்கம்.