முதல் பதிலில் கேள்வி வேண்டாம்: ஒரு பட்டிமன்ற உரை

நடுவர் கொடுத்த தலைப்பு: “‘அப்பா தவறிட்டாங்க’ன்னு ஒத்த வரி போன்ல வருது. உடனே விவரம் கேக்கறதா, கேக்காம இருக்கறதா?”

எதிரணித் தலைவர் கைதட்டல் வாங்கிய வரி: “கேள்வி கேக்காதவன்தான்யா கல்நெஞ்சக்காரன்! ‘ஆழ்ந்த இரங்கல்’னு ஒட்டிட்டு டீ குடிக்கப் போயிடுவான்!”

நடுவர் ஐயாவுக்கும், இரண்டு அணியினருக்கும், வேலை முடிந்த கையோடு வந்து உட்கார்ந்திருக்கும் சேலத்து மக்களுக்கும் வணக்கம். நேரம் குறைவு. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

அண்ணன் நன்றாகப் பேசினார். நீங்களும் தட்டினீர்கள். சரி, அந்தக் கல்நெஞ்சு யாரிடம் இருக்கிறது என்று நம்ம ஊர்க் கதை ஒன்றை வைத்தே பார்த்துவிடலாம்.

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறை. அங்கே நெருப்பில் காட்டிக் கொலுசுக்குப் பற்று வைக்கிற வேலை பார்ப்பவர் எனக்குத் தெரிந்தவர். சொந்த ஊர் ஏற்காட்டுக்கு மேலே, நாகலூர்ப் பக்கம். அப்பாவைக் கீழே சேலத்து ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். விடியற்காலையில் பெரியவர் போய்விட்டார். கையெழுத்தெல்லாம் போட்டு, அமரர் ஊர்தி வந்து, உடம்பை ஏற்றி, அம்மாவைப் பின்னால் உட்காரவைத்து, இவர் டிரைவர் பக்கத்தில் ஏறினார். அடிவாரம் வருவதற்குள் பட்டறைக் குழுவில் போட்ட செய்தி இவ்வளவுதான்: “அப்பா தவறிட்டாங்க.”

அந்த ரெண்டு வார்த்தையைப் போட அவர் பட்ட பாட்டைக் கேளுங்கள். நெருப்போடும் அரத்தோடும் புழங்கிய விரல். ரேகை தேய்ந்துபோய், போன் அவர் விரலை ஒத்துக்கொள்ளாது. நம்பர் போட்டுத்தான் திறக்க வேண்டும். அழுதுகொண்டே நம்பரைத் தப்பாகப் போட்டு, மறுபடி போட்டு, திறந்து, தட்டினார். வயது இல்லை, நோய் இல்லை, நேரம் இல்லை. மறைப்பதற்காக விட்டதில்லை, ஐயா. கையில் அவ்வளவுதான் இருந்தது.

ஏற்காட்டு மலைப்பாதைக்கு 20 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்ட பலகை உண்டு. வண்டி மெதுவாக ஏறுகிறது. முதல் வளைவு. போன் அடிக்கிறது: “எப்போ?” அடுத்த வளைவு: “எப்படி?” அடுத்தது: “சுகரா, அட்டாக்கா?” அதற்கடுத்தது: “நேத்து சாயங்காலம் பரவால்லன்னுதானே சொன்ன?” எதிரணி அண்ணன் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். கேட்டவர் பிரியமாகத்தான் கேட்டார். ஆனால் படித்தவர் காதில் அது எப்படி விழும்? ‘நீ பொய் சொன்னாயா, இல்லை கவனிக்காமல் விட்டுவிட்டாயா’ என்றுதானே விழும்?

இன்னும் மேலே போகிறது வண்டி. “எந்த ஆஸ்பத்திரி?” இந்த ஒன்றுக்கு மட்டும் அவர் பதில் போட்டார். போட்டதுதான் வினை. அடுத்த வளைவில் வந்து விழுந்தது: “அங்கயா? அங்க ஏன் சேத்தீங்க? எங்க மச்சானக் கோயமுத்தூர் கொண்டுபோனோம், பொழச்சுக்கிட்டாரு.”

அப்பா உடம்பு பின்னால் இருக்கிறது, ஐயா! மச்சான் பிழைத்த கதை முன்னால் வருகிறது!

நடுவில் சிக்னல் போய்விட்டது. மலைக்குப் போய் வந்தவர்களுக்குத் தெரியும், சில வளைவில் கோடே இருக்காது. அந்தக் கொஞ்ச நேரம்தான் அவர் அப்பாவை நினைத்து அழுதாராம். குழுவில் ஒருத்தரும் கொடுக்காத நிம்மதியைச் சிக்னல் இல்லாத மலை கொடுத்திருக்கிறது. அப்புறம் ஒரு திருப்பத்தில் தேங்கிக் கிடந்ததெல்லாம் மொத்தமாக வந்து, போன் மடியில் கிடந்து துடித்தது. பின்னால் இருந்து அம்மா கேட்டார்: “யாருடா?” “பட்டறைல இருந்தும்மா.” “என்ன கேக்கறாங்க?” “ஒண்ணுமில்லம்மா.” அந்த அம்மா அடுத்துக் கேட்டதை இப்போது சொல்லும்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது: “நாம சரியாப் பாக்கலன்னு சொல்றாங்களாடா?”

அண்ணே, கேள்வி கேட்ட யாரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அந்த அம்மாவுக்கு அப்படித்தான் போய்ச் சேர்ந்தது.

இத்தனைக்கும் நடுவில் பட்டறையில் எடுபிடி வேலை பார்க்கிற பையன் ஒருவன் தனியாக ஒரு செய்தி அனுப்பியிருந்தான். “அண்ணா, அப்பா விஷயம் பாத்தேன். மனசுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு. நாங்க கிளம்பி வர்றோம், உங்க கை வேலைய நான் பாத்துக்கறேன். இதுக்குப் பதில் போடாதீங்க.”

இதைப் பிரித்துப் பார்ப்போம், ஏனென்றால் கேஸே இங்கேதான் இருக்கிறது. முதலில், செய்தி வந்து சேர்ந்தது என்று சொல்லிவிட்டான். அனுப்பியவருக்கு அது தெரிய வேண்டும். வெறும் நீல டிக் போதாது. அதையும் ‘பாடி’ என்று சொல்லவில்லை, ‘அப்பா’ என்று உறவைச் சொன்னான். அப்புறம் தன் மனசைச் சொன்னான், ஒரே வரியில். மூன்றாவதாக, ‘ஏதாவது வேணும்னா சொல்லுங்க’ என்று விட்டுவிடவில்லை. நாமெல்லாம் வழக்கமாகப் போடுவது அதுதான். அதில் தப்பில்லை, ஆனால் என்ன வேண்டும் என்று யோசிக்கிற வேலையையும் துக்கக்காரர் தலையிலேயே வைத்துவிடுகிறது. இவன் என்ன செய்யப்போகிறான் என்று அவனே சொன்னான், அதுவும் அவனால் முடிகிற காரியத்தை. கடைசியாக, பதில் வேண்டாம் என்றான். வளைவுக்கு வளைவு போனை எடுத்த கைக்கு அதைவிடப் பெரிய உதவி என்ன இருக்கிறது?

டீ குடிக்கப் போகிறவன் எழுதுகிற வரியா இது, அண்ணே?

‘எப்படி’ என்ற கேள்வியில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. எல்லா வீட்டிலும் சாவுக்குச் சொல்லக்கூடிய காரணம் இருப்பதில்லை. தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்ட பிள்ளையின் அப்பாவும் “பையன் தவறிட்டான்” என்று ஒரு வரிதான் போடுவார். அவரிடம் ‘எப்படி’ என்றால், ஒன்று பொய் சொல்ல வேண்டும், இல்லை குழு முழுக்கப் பார்க்க உண்மையைச் சொல்ல வேண்டும். நீங்கள் கேட்கிற நேரத்தில் அது எந்த வீடு என்று உங்களுக்குத் தெரியாது.

எதிரணியில் அடுத்துப் பேசிய தம்பி, கேதத்துக்குப் போவது தமிழன் கடமை என்று முழங்கினார். நாங்கள் போக வேண்டாம் என்று எப்போது சொன்னோம், தம்பி? மாலையோடு முதல் பஸ் ஏறுங்கள். கேள்வியை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.

“எடுக்கிற நேரம் தெரியாமல் எப்படிப் போவது?” என்று எதிரணித் தலைவர் கேட்டதில் பாதி நியாயம் இருக்கிறது. மறுக்கவில்லை. முஸ்லிம் வீடுகளில் கூடிய சீக்கிரம் அடக்கம் செய்துவிடுவார்கள், தாமதித்தால் முகம் பார்க்க முடியாது. ஆனால் நேரத்தைக் கேட்க அந்த வீட்டில் வேறு ஆள் இல்லையா? பங்காளி இருப்பார், பக்கத்து வீட்டுக்காரர் இருப்பார், ஐஸ் பெட்டிக்குச் சொல்லப் போனவர் இருப்பார். யாராவது ஒருத்தர் அவர்களிடம் கேட்டு மற்ற எல்லாருக்கும் சொல்லட்டும். ஆளாளுக்கு மகனையே கேட்டால் அவர் கொள்ளி வைப்பாரா, விசாரணைக் கவுண்டரில் உட்காருவாரா?

யார் இறந்தது என்றே சரியாகத் தெரியாவிட்டாலும் இதே வழிதான். “அம்மா தவறிட்டாங்க” என்று வருகிறது, அவர் மாமியாரையும் அம்மா என்றுதான் கூப்பிடுவார். ‘எந்த அம்மா’ என்று கேட்டுவிடாதீர்கள். ‘விஷயம் பார்த்தேன், மனசு கேக்கல’ என்று மட்டும் போட்டுவிட்டு வெளியே விசாரியுங்கள்.

நடுவர் ஐயா தபால் துறையில் இருந்தவர். தந்தி அடித்த அந்தக் காலத்தைத் தொடக்கத்தில் சொன்னார். “ஃபாதர் எக்ஸ்பையர்டு, ஸ்டார்ட் இம்மீடியட்லி.” அதற்கு யாராவது ‘எப்படி’ என்று பதில் தந்தி அடித்தார்களா? பஸ் ஏறினார்கள், அதுதான் பதில். 2013 ஜூலையில் தந்தியை நிறுத்தினார்கள். அதோடு அந்தப் பழக்கமும் நின்றுவிட்டதோ என்று எனக்குக் கவலையாக இருக்கிறது. இறப்பைப் பதிவு செய்ய அரசாங்கமே 21 நாள் தருகிறது, நடுவர் அவர்களே. நாம் 21 நிமிஷம்கூடத் தரமாட்டோமா?

எதிரணி அக்கா ஒருவர் தன் வீட்டுக் கதையைச் சொன்னார். மாமியார் இறந்தபோது யாரும் ஒன்றும் கேட்கவில்லை, தனித்து விட்ட மாதிரி இருந்தது என்றார். அக்கா, அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. சிலருக்கு உடனே வாய்விட்டுச் சொன்னால்தான் ஆறும். அப்படிப்பட்டவர்களுக்காக ‘பேசணும்னு தோணுச்சுன்னா எந்நேரமும் கூப்பிடுங்க’ என்று ஒரு வரி சேர்க்கலாம். அது போதுமா என்றால், போதாமலும் போகலாம். வருத்தம் சொல்லிவிட்டு அப்புறம் எட்டியே பார்க்காதவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை.

மணி அடித்துவிட்டார்கள், இதோ முடிக்கிறேன்.

காரியம் முடிந்த அன்று அந்தப் பையன் நாகலூரில் பந்தலுக்குப் பாத்திரம் தூக்கிக்கொண்டிருந்தான். அந்த அம்மாவே அவனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தாராம். யாரும் கேட்காமலே எல்லாவற்றையும் சொன்னாராம். ராத்திரி மூச்சு வாங்கியது, மகனைத் தூங்கச் சொன்னது, ‘மிளகுக் கொடிக்கு யாரு தண்ணி ஊத்தறா’ என்று விசாரித்தது, கடைசியாகக் கையைப் பிடித்துக்கொண்டது. முதல் நாள் எல்லாரும் கேட்டார்களே, அத்தனைக்கும் பதில் அதில் இருந்தது. மகனிடம்கூட அதுவரை சொல்லாததைக் கேள்வியே கேட்காத பிள்ளையிடம் சொன்னார்.

எதிரணி அண்ணே, நீங்கள் நல்ல மனுஷர், எனக்குத் தெரியும். உங்கள் வீட்டிலும் அப்பா அம்மா இருக்கிறார்கள், நூறு வயசு இருக்கட்டும். எங்கள் வீட்டிலும் வயசான அம்மா இருக்கிறார். என்றைக்காவது என் போனிலிருந்து அந்த ரெண்டு வார்த்தை உங்களுக்கு வந்தால், அண்ணே, ஒன்றும் கேட்காதீர்கள். ‘பாத்தேன், வர்றேன்’ என்று மட்டும் போடுங்கள். நடந்ததெல்லாம் நானே உங்களிடம் சொல்கிறேன்.

நன்றி, வணக்கம்.