பத்தில் எத்தனை வந்தது?

வணக்கம் நேயர்களே. கோவையில் ஒரு பம்ப்செட் தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் நெடுநாள் வேலை பார்த்தவன் நான். வார்ப்புகளை இரண்டு பவுண்டரிகளிடம் வாங்குவோம். யாருக்குக் கூடுதல் ஆர்டர் தருவது என்று ஒருமுறை கேள்வி எழுந்தது. இரண்டு பேரும் கடைசியாக அனுப்பிய பத்துப் பத்து லோடுகள், ஆர்டர் கொடுத்த எத்தனையாவது நாளில் வந்து சேர்ந்தன என்ற கணக்கை எடுத்தோம்.

முதல் பவுண்டரிக்குச் சராசரி 9.3 நாள், இரண்டாவதற்கு 9 நாள். எங்கள் பையன் ஒருவன் ஹிஸ்டோகிராம் வரைந்து வந்தான். பள்ளியில் நிகழ்வுச் செவ்வகம் என்று படித்திருப்பீர்களே, அதுதான். 5 முதல் 9 நாள் வரை ஒரு பட்டை, 10 முதல் 14 வரை இன்னொன்று. இரண்டு பவுண்டரிக்கும் 6, 4 என்று அச்சடித்தாற்போல ஒரே படம்! பட்டையை 3 முதல் 7, 8 முதல் 12, 13 முதல் 17 என்று நகர்த்தி வரையச் சொன்னேன். முதல் பவுண்டரியின் பத்தும் நடுப்பட்டையில் போய் நின்றன. இரண்டாவதோ 5, 2, 3 என்று சிதறியது. கணக்கு அதேதான். கோட்டை எங்கே போட்டோம் என்பது மட்டுமே மாறியது.

ஆகவே பட்டையே வேண்டாம் என்றேன். சுவரில் நாள்காட்டி இருக்கிறதல்லவா? ஆர்டர் கொடுத்த நாளிலிருந்து ஒவ்வொரு தாளாகக் கிழியுங்கள். கிழிக்கும்போதெல்லாம் ஒரே கேள்வி: இன்றுவரை பத்தில் எத்தனை வந்தது? ஒரு லோடு வந்தால் ஒரு படி ஏறுங்கள், வராத நாளில் சமதளத்தில் நடங்கள். இந்தப் படிக்கட்டுதான் குவிவு நிகழ்வெண் படம். எங்கே கோடு போடுவது என்று யாரும் முடிவு செய்ய வேண்டியதில்லை.

முதல் பவுண்டரியில் 7ஆம் நாள்வரை ஒன்றும் வரவில்லை. 8ஆம் நாள் இரண்டு, 9இல் ஆறு, 10இல் ஒன்பது, 11இல் பத்தும் வந்தாயிற்று. செங்குத்தான படி. இரண்டாவதில் 5ஆம் நாளே இரண்டு, 8ஆம் நாளுக்குள் ஆறு. பிறகு 9, 10, 11 மூன்று நாளும் வெறும் சமதளம். மீதி நான்கும் வந்து முடிய 14 நாள். 9ஆம் நாள் இரண்டு படிக்கட்டும் ஒரே உயரத்தில் சந்திக்கின்றன. அதற்கு முன் இரண்டாவது மேலே, அதற்குப் பின் முதலாவது மேலே.

எங்கள் கிடங்கில் 11 நாளுக்குத்தான் சரக்கு தாங்கும். 11ஆம் நாளில் நின்று பாருங்கள்: ஒன்றில் பத்து, மற்றதில் ஆறு. அந்த நான்கு முறையும் பம்ப் பூட்டும் ஆட்கள் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். சராசரியில் முந்தியவர் அந்த இரண்டாமவர்தான்! முதல் பவுண்டரிக்கே கூடுதல் ஆர்டர் போயிற்று. கிடங்கு 14 நாள் தாங்குமானால் என் முடிவு வேறாக இருந்திருக்கும்.

நேரம் முடிகிறது என்கிறார்கள். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். இன்னும் வந்து சேராத ஆர்டரைக் கணக்கிலிருந்து விட்டுவிடாதீர்கள். மொத்தத்தில் அதையும் சேர்த்து எண்ணுங்கள், படிக்கட்டு உச்சியைத் தொடாமல் பாதியில் நிற்கட்டும். விட்டுவிட்டால் மிகத் தாமதமானவரே மிக வேகமானவராகத் தெரியக்கூடும். நன்றி, வணக்கம்.