ஒரு டெய்சிப் பூவும் ஐந்து பீரியடும்

(பள்ளி ஆசிரியர்கள் கூடிய ஒரு பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். இணையத்தில் வரும் தகவலைச் சரிபார்க்க மாணவர்களுக்கு எப்படிச் சொல்லித் தருவது என்பதுதான் எனக்குக் கொடுத்த தலைப்பு. இதை முழுசாகப் பேச ஆரம்பித்தால், மதியச் சாப்பாடு முடிந்த நேரம் வேறு, பாதிப் பேர் தூங்கிவிடுவீர்கள். அதனால் ஒரே ஒரு புகைப்படத்தை எடுத்துக்கொள்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் எந்தெந்தப் பாட ஆசிரியர் அதை என்ன செய்யலாம் என்று மட்டும் பார்ப்போம்.

படம் இதுதான். வெள்ளை இதழ் வைத்த டெய்சிப் பூக்கள். நம் சாமந்திக் குடும்பத்தைச் சேர்ந்தவை. நடுவில் மஞ்சளாக, உருண்டையாக இருக்க வேண்டிய பகுதி ஒரு பூவில் கம்பளிப்புழு மாதிரி இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. இன்னொன்றில் வளையமாகச் சுருண்டிருக்கிறது. காம்பு தட்டையாக, பட்டையாக இருக்கிறது. 2015இல் உலகம் முழுக்கச் சுற்றிய படம். புகுஷிமா அணுஉலை விபத்து நடந்தது 2011 மார்ச்சில். நான்கு வருடம் கழித்து இந்தப் படத்தை ஒருவர் படப்பகிர்வுத் தளம் ஒன்றில் போட்டு, இவை புகுஷிமா பூக்கள், அணுக்கதிரால் பூக்களுக்குப் பிறவிக் குறைபாடு வந்தால் இப்படித்தான் ஆகும், இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை என்ற பொருளில் இரண்டு வரி எழுதிவிட்டார்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வரலாற்றுக் கல்விக் குழு இந்தப் பதிவை அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 170 பேரிடம் காட்டியது. அணுஉலைக்கு அருகில் நிலைமை எப்படி இருக்கிறது என்பதற்கு இது வலுவான ஆதாரமா, ஏன் என்று எழுதச் சொன்னது. முடிவு 2016இல் வெளிவந்தது. ஏறத்தாழ 40 சதவீதம் பேர் ஆமாம் என்றார்கள், கண்ணால் பார்க்கிறோமே என்று. யார் எடுத்தது, எங்கே எடுத்தது என்று கேட்டவர்கள் 20 சதவீதத்துக்கும் குறைவு. எனக்கு இந்த இரண்டு கூட்டத்தையும்விட நடுவில் இருக்கும் கால்வாசிப் பேர்தான் சுவாரசியம். அவர்கள் இது வலுவான ஆதாரம் இல்லை என்று சரியாகவே எழுதினார்கள். காரணம் கேட்டால், பூவை மட்டும்தான் காட்டுகிறார்கள், விலங்குகளையும் மற்ற செடிகளையும் காட்டவில்லையே என்றார்கள். அதாவது இதே மாதிரி நாலு படம் சேர்த்துப் போட்டிருந்தால் நம்பியிருப்பார்கள். விடையை மட்டும் பார்த்து மதிப்பெண் போட்டால் இவர்கள் எல்லாரும் பாஸ்.

சரி, முதல் பீரியட் கணினி ஆய்வகத்தில். படத்தை உற்றுப் பார்த்துக்கொண்டே இருப்பதில் பயன் இல்லை. இதே ஸ்டான்ஃபோர்டு குழு வரலாற்றுப் பேராசிரியர்கள், பல்கலைக்கழக மாணவர்கள், தொழில்முறைச் செய்திச் சரிபார்ப்பாளர்கள் என்று மூன்று தரப்பை உட்காரவைத்து, முன்பின் தெரியாத இணையதளங்களை மதிப்பிடச் சொல்லிப் பார்த்தது. பேராசிரியர்கள் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை படித்தார்கள். சில சமயம் அழகான வடிவமைப்பிலும் அடிக்குறிப்புகளிலும் ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் சில நொடிகளிலேயே அந்தப் பக்கத்தை விட்டு வெளியேறினார்கள். பக்கத்தில் நாலு டேப் திறந்து, இந்தத் தளத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். குறைந்த நேரத்தில் சரியான முடிவுக்கு வந்ததும் அவர்கள்தான். நாம் பிள்ளைகளுக்கு வருடக்கணக்காகச் சொல்வது இதற்கு நேர் எதிர்: கவனமாகப் படி, முழுசாகப் படி.

படத்துக்கும் இதே வேலைதான். கூகுள் லென்ஸில் அதை ஏற்றித் தேட வேண்டும். TinEye தளத்தில் முடிவுகளை Oldest என்று வரிசைப்படுத்தினால் அந்தத் தளம் முதலில் கண்ட பிரதி மேலே வரும். அதுதான் மூலப்படம் என்று அர்த்தம் இல்லை; அந்தத் தளத்தின் கண்ணில் முதலில் பட்டது, அவ்வளவுதான். படத்தின் ஓரத்தை வெட்டியோ இடவலமாகத் திருப்பியோ இருந்தால் தேடல் சில சமயம் கோட்டை விட்டுவிடும். வாட்ஸ்அப்பில் வந்த படமாக இருந்தால் எடுத்த தேதி, கேமரா விவரம் எல்லாம் வழியிலேயே உதிர்ந்திருக்கும். இந்தப் படத்துக்கு நமக்கு அதிர்ஷ்டம். தேடிப் போனால் 2015 மே மாதம் ஜப்பானிய மொழியில் போட்ட ட்விட்டர் பதிவு கிடைக்கும். எழுதியவர் தொச்சிகி மாகாணத்தின் நாசுஷியோபாரா என்ற ஊரைச் சொல்கிறார். காம்புகள் எப்படி ஒட்டி வளர்ந்திருக்கின்றன என்று விவரிக்கிறார். தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் கதிர்வீச்சு அளவு மணிக்கு 0.5 மைக்ரோசீவெர்ட் என்கிறார். கதிர்வீச்சால்தான் பூ இப்படி ஆனது என்று அந்தப் பதிவில் அவர் எழுதவில்லை. அது வழியில் யாரோ சேர்த்துக்கொண்டது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். படம் போலி இல்லை. பூ நிஜம், ஊர் நிஜம், அளவையும் அவர் அளந்து சொன்னதாகவே எடுத்துக்கொள்வோம். ஆகவே "உண்மையா, பொய்யா" என்று கேட்டால் வகுப்பு இத்தோடு நின்றுவிடும். மிச்சம் இருக்கும் கேள்வியைக் கணினி ஆசிரியரால் முடித்துவைக்க முடியாது. பின்லாந்தின் 2014 தேசியப் பாடத்திட்டம் இந்தத் திறனைத் தனிப் பாடமாக ஆக்காமல் எல்லாப் பாடங்களுக்குள்ளும் வைத்ததற்கு நியாயம் இதில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

இரண்டாவது பீரியட் புவியியல். அட்லஸை எடுக்கச் சொல்லுங்கள். அணுஉலை பசிபிக் கரையில் இருக்கிறது. நாசுஷியோபாரா உள்நாட்டில், தென்மேற்கே. அளவுகோலை வைத்துப் பார்த்தால் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். கேள்வி "அணுஉலைக்கு அருகில்" என்று கேட்டது. அந்தச் சொல்லுக்கு இந்தப் படத்தால் பதில் சொல்ல முடியாது. பத்து நிமிட வேலைதான்.

கணக்கும் இயற்பியலும் சேர்ந்தது மூன்றாவது. 0.5 என்ற எண்ணைப் பார்த்ததும் சிலர் பயப்படுவார்கள், சிலர் அலட்சியப்படுத்துவார்கள். 0.5ஐ 24ஆல் பெருக்கி, 365ஆல் பெருக்கினால் வருடத்துக்கு 4,380 மைக்ரோசீவெர்ட். ஆயிரத்தால் வகுத்தால் 4.38 மில்லிசீவெர்ட். ஒரு நாளின் 24 மணி நேரமும் வெளியில் நிற்பதாக வைத்த கணக்கு இது. மனிதனுக்குப் பொருந்தாது, செடிக்குப் பொருந்தும். ஆனால் சீவெர்ட் என்பதே மனித உடலுக்காக வகுத்த அலகு என்று இயற்பியல் ஆசிரியர் குறுக்கிட வேண்டும். ஒப்பீடு தோராயமானது என்பதைப் பிள்ளைகள் அப்போதுதான் உணர்வார்கள். இயற்கையாகவே ஒருவருக்குக் கிடைக்கும் கதிர்வீச்சின் உலக சராசரி, மூச்சு வழி, உணவு வழி எல்லாம் சேர்த்து, வருடத்துக்குச் சுமார் 2.4 மில்லிசீவெர்ட். சுத்திகரிப்புப் பணி தேவையா என்று முடிவு செய்ய ஜப்பான் அரசு வைத்த வரம்பு மணிக்கு 0.23 மைக்ரோசீவெர்ட். ஆகவே 0.5 சாதாரண அளவு இல்லை. அந்த ஊரில் கதிர்வீச்சு கூடுதலாகத்தான் இருந்திருக்கிறது. மறுபக்கம், கொல்லம் மாவட்டம் கருநாகப்பள்ளிக் கடற்கரையில் மோனசைட் மணல் காரணமாக இந்த அளவும், சில இடங்களில் இதைவிடப் பல மடங்கும் இயற்கையாகவே உண்டு. நம் மணவாளக்குறிச்சிப் பக்கமும் அதே வகை மணல்தான். எண்ணை மறைக்கவும் கூடாது, ஊதவும் கூடாது.

இப்போது உயிரியல் ஆசிரியர் வரட்டும். தண்டின் நுனியில் வளரும் பகுதி ஒரு புள்ளியாக இருப்பதற்குப் பதில் கோடாக நீண்டுவிட்டால் தண்டு பட்டையாகும், பூ இழுத்துக்கொள்ளும். தாவரவியலில் இதற்கு ஃபேசியேஷன் என்று பெயர். நுனியில் அடிபட்டால் வரும். உறைபனியால் வரும். ஒருவகை பாக்டீரியாவால் வரும். மரபணு மாற்றத்தாலும் வரும். கதிர்வீச்சும் காரணமாகலாம், ஆனால் பட்டியலில் அதுவும் ஒன்று, அவ்வளவுதான். இதைப் பார்க்க ஜப்பான் போக வேண்டாம். வீட்டு வாசலில் வளர்க்கும் கோழிக்கொண்டைப் பூவே ஃபேசியேஷன்தான். தலைமுறை தலைமுறையாக அந்த உருவத்துக்காகவே விதை எடுத்துப் பயிர் செய்கிறோம். ஒரு தொட்டியை மேசையில் வைத்துவிட்டு டெய்சிப் படத்தைப் பக்கத்தில் ஒட்டினால் போதும், விளக்கமே வேண்டாம்.

இன்னும் ஒன்று பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. மெண்டல் பட்டாணிச் செடியில் பார்த்த ஏழு பண்புகளில் ஒன்று, பூ இலைக்கோணத்தில் வருகிறதா நுனியில் வருகிறதா என்பது. நுனியில் கொத்தாக வரும் அந்தச் செடியின் தண்டு பட்டையாகிப் போன தண்டு. மெண்டல் கட்டுரை அச்சானது 1866இல். பெக்கரல் கதிரியக்கத்தைக் கண்டது 1896இல். அணுஉலை என்ற ஒன்று மனிதன் மனதிலேயே இல்லாத காலத்தில் மெண்டல் தோட்டத்தில் இந்தச் செடி வளர்ந்துகொண்டிருந்தது.

அப்புறம், கதிர்வீச்சுதான் காரணம் என்று நிரூபிக்க ஒருவர் என்ன செய்ய வேண்டும் என்று மாணவர்களையே கேளுங்கள். அதே வகைப் பூ, கதிர்வீச்சு கூடுதலான இடத்திலும் இல்லாத இடத்திலும் நூற்றுக்கணக்கில் எண்ணி, பட்டையானவை எத்தனை என்று ஒப்பிட வேண்டும். ஒரு பூவின் ஒரு படத்தில் அந்த ஒப்பீடு இல்லை. படம் அதனால்தான் ஆதாரம் ஆகவில்லை. "இது கதிர்வீச்சால் வந்தது அல்ல" என்று அடித்துச் சொல்லும் மாணவரும் தவறுதான் செய்கிறார்; அதற்கும் இந்தப் படத்தில் ஆதாரம் இல்லை. இந்த இடம் வகுப்பில் கொஞ்சம் சங்கடமாகவே இருக்கும். அப்படியே விட்டுவிடலாம்.

ஐந்தாவது பீரியட் தமிழாசிரியருக்கு. படத்தின் கீழ் இருந்த அந்த இரண்டு வரியைக் கரும்பலகையில் எழுதி, அதற்குள் எத்தனை தனிக் கூற்றுகள் இருக்கின்றன என்று பிரிக்கச் சொல்லுங்கள். பூ இப்படி இருக்கிறது என்பது ஒன்று. அது புகுஷிமாவில் இருக்கிறது என்பது இரண்டு. அது குறைபாடு என்பது மூன்று. காரணம் அணுக்கதிர் என்பது நான்கு. முதலாவதற்கு மட்டும்தான் படம் சாட்சி. மற்ற மூன்றும் அதன் முதுகில் ஏறி வருகின்றன.

நடத்தும்போது வழக்கமாகக் கெட்டுப்போகும் இடம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காட்டும் படம் எல்லாம் தவறானவையாகவே இருந்தால், மூன்றாவது நாளிலிருந்து பிள்ளைகள் பார்க்காமலே "ஃபேக் சார்" என்பார்கள். அது சரிபார்ப்பு இல்லை, ஆசிரியரின் பழக்கத்தைக் கண்டுபிடித்த கெட்டிக்காரத்தனம். ஆகவே நம்பவே முடியாத உண்மைகளையும் நடுவில் கலந்து வையுங்கள். 2019 ஆகஸ்டில் சென்னைத் திருவான்மியூர் பக்கம் இரவில் கடல் அலை நீலமாக ஒளிர்ந்த வீடியோக்கள் வந்தன. பார்த்தால் கம்ப்யூட்டரில் செய்தது என்றே தோன்றும். நிஜமாகவே ஒளிர்ந்தது, நாக்டிலூகா என்ற கடல் நுண்ணுயிரின் வேலை. போலி என்று சொன்ன பையனையும் உண்மை என்று சொன்ன பையனையும் ஒரே கேள்வி கேளுங்கள்: எந்த டேபைத் திறந்து பார்த்துச் சொல்கிறாய்?

மதிப்பெண் எப்படிப் போடுவது என்று இடைவேளையில் ஒருவர் கேட்டார். பத்து மதிப்பெண் என்றால் ஆம், இல்லை என்ற விடைக்கு ஒன்றுக்கு மேல் கொடுக்காதீர்கள். படம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போன வழியை எழுதினால் நான்கு. வேறு எந்தக் காரணத்தால் இப்படி ஆகியிருக்கலாம் என்று ஒன்றையாவது சொன்னால் மூன்று. மிச்சம் இரண்டை, இன்னும் எது தெரியவில்லை என்று சொல்லத் தெரிந்தவருக்கு வைத்துக்கொள்ளுங்கள். விடைத்தாள் திருத்த நேரம் கூடத்தான் ஆகும். நாற்பது பேர் வகுப்பில் எல்லாருக்கும் ஒரே நாளில் வைக்காமல் பத்துப் பத்துப் பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் வேறு வேறு படம் கொடுங்கள்.