வரி கட்டினால் பணம் வரும் என்று சொன்னால்

வணக்கம் நேயர்களே. ஒரு வங்கியின் புகார்ப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அங்கே என்னிடம் வந்த ஓர் இளைஞரின் கதையைச் சொல்கிறேன். கைப்பேசி பழுது பார்க்கும் கடையில் வேலை செய்பவர். விவரம் தெரியாதவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

ஐ.பி.எல். நடந்துகொண்டிருந்த நேரம். டெலிகிராமில் யாரோ ஒரு குழுவில் சேர்த்துவிட்டார்கள். அங்கே ஒரு பந்தயச் செயலி. பிளே ஸ்டோரில் இல்லை, நேரடியாகப் போனில் நிறுவும் ஏ.பி.கே. கோப்பாக அனுப்பினார்கள். நிறுவும்போது, தீங்கான செயலிகளைக் கண்டுபிடிக்கும் பிளே புரொடெக்ட் எச்சரித்தது. "பிளே புரொடெக்ட்டை அணைத்துவிடுங்கள், எல்லாரும் அப்படித்தான் போடுகிறார்கள்" என்றார்கள். அவரும் அணைத்தார். அடுத்து, குறுஞ்செய்திகளைப் படிக்கச் செயலி அனுமதி கேட்டது. கிரிக்கெட் பந்தயத்துக்கு உங்கள் குறுஞ்செய்தி எதற்கு? வங்கி அனுப்பும் ஓ.டி.பி. அங்கேதான் வருகிறது, அதற்காகத்தான். அணுகல்தன்மை, அதாவது ஆக்சசிபிலிட்டி, அனுமதி இன்னும் மோசம். அதைக் கொடுத்தால் திரையில் தெரிவதைப் படிக்கவும் உங்களுக்குப் பதிலாகப் பொத்தானை அழுத்தவும் அந்தச் செயலியால் முடியும்.

முதலில் 500 ரூபாய் போட்டார். 1,200 ஆனது. எடுத்துப் பார்த்தார், கணக்கில் வந்தும் விட்டது. அங்கேதான் அவருக்கு நம்பிக்கை பிறந்தது. பிறகு 2,000, அப்புறம் 10,000. செயலியில் அவருடைய இருப்பு 86,000 என்று காட்டியது. அது வெறும் எண். திரையில் எந்த எண்ணை வேண்டுமானாலும் எழுதலாம்.

பணத்தை எடுக்கப் போனபோது, "30 சதவீதம் வருமான வரி, 25,800 ரூபாய் முதலில் கட்டுங்கள்" என்றார்கள். 30 சதவீத வரி என்பது சட்டத்தில் உண்மையாகவே இருந்ததால் அவர் நம்பினார். ஆனால் ஜெயித்த பணத்தைக் கொடுக்கிறவர்தான் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும். ஜெயித்தவர் தன் கையிலிருந்து முன்கூட்டியே அவர்களுக்கு அனுப்புவது என்ற வழக்கமே கிடையாது. வரி, சரிபார்ப்புக் கட்டணம், வைப்புத்தொகை என்று எந்தப் பெயரில் கேட்டாலும், பணம் எடுக்கப் பணம் கேட்டால் அது மோசடிதான்.

இன்னொரு அடையாளமும் இருந்தது. ஒவ்வொரு முறையும் பணம் வெவ்வேறு தனி ஆளின் பெயரில் போயிருந்தது. வாடகைக்கு எடுத்த கணக்குகள் அவை. ஒன்று முடக்கப்பட்டால் அடுத்ததுக்குத் தாவிவிடுவார்கள். அவருக்கு வந்த 1,200 ரூபாய்கூட இன்னொருவரை ஏமாற்றிய பணம். அதனால் இவருடைய கணக்கும் சில வாரம் முடக்கப்பட்டது. சம்பளம் உள்ளே இருந்தும் எடுக்க முடியாமல் தவித்தார். பணத்துக்கு ஆடும் இணைய விளையாட்டுகளையே 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டது. ஆகவே இப்போது "அரசு அனுமதி பெற்றது" என்று சொல்லும் பந்தயச் செயலி எதுவாக இருந்தாலும் பொய்.

போலி இணையதளங்களைப் பற்றி ஒன்றே ஒன்று. முகவரியின் தொடக்கத்தைப் பார்க்காதீர்கள். https:// என்பதற்குப் பிறகு வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் எப்படி முடிகிறது என்று பாருங்கள். ரிசர்வ் வங்கி நம் வங்கிகளை எல்லாம் bank.in என்று முடியும் முகவரிக்கு மாறச் சொல்லியிருக்கிறது. நடுவில் வங்கியின் பெயர் இருந்து முடிவில் வேறு ஏதோ இருந்தால், அந்தப் பக்கத்தில் ஓர் எழுத்தும் தட்டாதீர்கள். இன்னொன்று, பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. பின் தேவையே இல்லை. பணம் வரும் என்று சொல்லிப் பின் கேட்டாலே பணம் போகப்போகிறது.

அன்றாடச் செலவுக்கு இருப்பு குறைந்த தனிக் கணக்கு ஒன்றை யு.பி.ஐ.யோடு இணையுங்கள். உங்கள் சேமிப்பு முழுவதும் இருக்கும் கணக்கை அதில் சேர்க்காதீர்கள். அப்போது திருடனுக்குக் கிடைப்பது சில ஆயிரத்தோடு நின்றுவிடும்.

ஏமாந்துவிட்டீர்களா? வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காதீர்கள், நேரம்தான் முக்கியம். உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள். தொகை, நேரம், 12 இலக்கப் பரிவர்த்தனை எண், இவை கையில் இருக்கட்டும். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் சொன்னால் நிறுத்தி வைக்க வழி உண்டு. cybercrime.gov.in-இலும் புகார் பதியலாம். போனில் இணையத்தைத் துண்டியுங்கள். வேறொரு போனிலிருந்து வங்கியை அழைத்து இணைய வங்கிச் சேவையை நிறுத்தச் சொல்லுங்கள். செயலியை அழிப்பதற்கு முன், உரையாடலையும் பணம் பெற்றவர் பெயரையும் அந்த இன்னொரு போனால் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த இளைஞர் வரிப் பணத்தை அனுப்பிய ஒரு மணி நேரத்துக்குள் அழைத்தார். 25,800-ல் 11,000 நிறுத்தப்பட்டது. நான்கு நாள் கழித்து அவருக்கு ஓர் அழைப்பு: "சைபர் பிரிவிலிருந்து பேசுகிறோம், மீதியையும் மீட்டுத் தருகிறோம், 3,000 ரூபாய் கட்டணம்." 1930-ல் புகார் கொடுக்கக் கட்டணம் எதுவும் இல்லை என்று அவருக்குச் சொல்லியிருந்தேன். ஒரு வார்த்தையும் பேசாமல் வைத்துவிட்டார்.