ஆறு நாற்பது வண்டி

அவைத் தலைவர் அவர்களே, பினாங்குத் தமிழ் அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

செபராங் பிறையின் தென்கோடியில், நிபோங் திபால் பக்கத்துக் கிராமச் சாலையில் ஓடிய ஒரு பேருந்தின் நடத்துநரும், அந்த வண்டியில் பள்ளிக்குப் போன ஒரு சிறுமியும் காலை வேளையில் ஒருவரையொருவர் எப்படி அழைத்துக்கொண்டார்கள் என்பதைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். இது நான் எழுதிக்கொண்டிருக்கும் கதை. ஆட்கள் என் கற்பனை. அவர்களுக்குப் பெயரும் வைக்கவில்லை. ஆனால் அவள் படித்த பள்ளி முறையும், அந்த ஆண்டுகளில் இந்த நாட்டில் நகர்த்தப்பட்ட கடிகாரமும் கற்பனை அல்ல. கதையில் நடக்கும் மாற்றங்களுக்கெல்லாம் காரணம் அங்கேதான் இருக்கிறது.

1978 ஜனவரியில் அந்தப் பெண் முதலாம் ஆண்டில் சேருகிறாள். அவள் இருந்தது சிறிய ரப்பர் தோட்டம்; அங்கே பள்ளி இல்லை. தமிழ்ப்பள்ளி இருந்த அடுத்த தோட்டத்துக்குப் பேருந்தில்தான் போக வேண்டும். அப்பாவும் அம்மாவும் விடியும் முன்பே பால் வெட்டப் போய்விடுவதால், தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்து முனையில் கொண்டுவந்து விடுவது பாட்டி. வண்டி ஆறு நாற்பதுக்கு வரும். நடத்துநர் படியில் நின்றபடியே, “ஏறு பாப்பா, கம்பியைப் பிடி” என்பார். முதலில் இருந்த காலை வணக்கம் இவ்வளவுதான், அதுவும் ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே வந்தது.

பள்ளியில் ஆசிரியர் வகுப்புக்குள் வந்ததும் பிள்ளைகள் எழுந்து நின்று, கைகளைக் கூப்பி, இழுத்து இழுத்து வணக்கம் சொல்வது இன்றைக்கும் நம் தமிழ்ப்பள்ளிகளில் உள்ள வழக்கம். அந்தப் பழக்கத்தை அவள் வண்டிக்கும் கொண்டுவந்தாள். ஒரு நாள் படியேறியதும் இரண்டு கைகளையும் கூப்பி, “வணக்கம் மாமா” என்று உரக்கச் சொன்னாள். அதற்குள் அவர் இரண்டு முறை மணி அடித்துவிட்டார். வண்டி குலுங்கிக் கிளம்பியது. பிள்ளை நேராக அவருடைய தோல்பையின் மேல் போய் விழுந்தாள். சில்லறை சிதறவில்லை, அவளுக்கும் அடி இல்லை. அவர் அவளைத் தூக்கி நிறுத்தி, “சாமியைக் கும்பிடு, டீச்சரைக் கும்பிடு, வண்டியில மட்டும் கம்பியைக் கும்பிடு” என்றார். அன்று முதல் ஒரு கை கம்பியில் இருக்க, வாயால் மட்டும் வணக்கம் சொல்லக் கற்றுக்கொண்டாள். “வணக்கம் மாமா” என்பாள் அவள். “வா பாப்பா” என்பார் அவர். சில ஆண்டுகள் இது மாறாமல் நடந்தது. கதைக்கு அதில் வேலை இல்லை.

பிறகு கடிகாரம் மாறியது. இங்கே வயதில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாக வேண்டும் என்பதற்காக, 1982 ஜனவரி முதல் நாளிலிருந்து தீபகற்ப மலேசியாவின் நேரம் அரை மணி முன்னால் தள்ளி வைக்கப்பட்டது. பேருந்து கடிகாரத்தைப் பார்த்து ஓடுவது. கதிரவனுக்கு அரசாணை தெரியாது. முன்பெல்லாம் ஜனவரி மாதத்து ஆறு நாற்பதுக்கு ஆள் முகம் தெரியும் அளவுக்கு வெளுத்திருக்கும். அதே ஆறு நாற்பது இப்போது கும்மிருட்டாகிவிட்டது. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை, பாட்டி காலமாகிவிட்டதால் தனியாக, மரங்கள் இரு பக்கமும் அடர்ந்த சாலையில் நிற்கிறாள்.

இந்த இருட்டு அவர்களுடைய வணக்கத்தை மாற்றியது. வண்டி வேகம் குறையும்போதே அவர் படியிலிருந்து, “பாப்பா, வந்துட்டியா?” என்று குரல் கொடுப்பார். “வந்துட்டேன் மாமா” என்று இருட்டுக்குள்ளிருந்து பதில் வந்ததும் வண்டியை நிறுத்தச் சொல்லி மணி அடிப்பார். குரல் வராத நாளிலும் வண்டியை நிற்க வைத்து இன்னொரு முறை கேட்டுவிட்டுத்தான் கிளம்பச் சொல்வார், டிரைவர் முணுமுணுப்பார். அது மரியாதைக்காகச் சொன்ன சொல் அல்ல, ஆள் இருக்கிறாளா என்று பார்த்துக்கொள்ளும் வேலை. அவர்களுக்கிடையில் நடந்த பேச்சுகளிலேயே மிகுந்த அன்புள்ளது இந்தக் காலத்துப் பேச்சுதான் என்பது என் எண்ணம். அதில் அன்பைக் காட்டும் சொல் ஒன்றுகூட இல்லை.

இனி 1984. கதையைப் படித்துப் பார்த்த நண்பர்கள் எல்லாரும் என்னோடு சண்டை போட்டது இந்த இடத்தில்தான்.

ஆறாம் ஆண்டு முடிந்த விடுமுறையில் அவள் பெரியவளாகி, சடங்கும் நடந்தது. ஜனவரியில் பட்டணத்து இடைநிலைப்பள்ளியில் புகுமுக வகுப்பு. தமிழ்ப்பள்ளியிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் முதலாம் படிவத்துக்குள் நுழையும் முன் மலாய் மொழியில் தேர்ச்சி பெற ஓராண்டு உட்கார வேண்டியிருந்த வகுப்பு அது. கருநீலச் சீருடை போய் வெள்ளைச் சட்டையும் நீலப்பச்சைப் பினஃபோரும் வந்தன. முதல் நாள் படியேறியவள் அவர் முகத்தைப் பாராமல், மலாய்க்காரர் காலையில் சொல்வது போல “பாகி, அங்கள்” என்றாள். “வணக்கம்” போயிற்று, “மாமா”வும் போயிற்று. அவர் ஒரு கணம்கூடத் தயங்காமல் “பாகி” என்றார்.

பின் இருக்கையில் உட்கார்ந்திருந்த தோட்டத்துப் பெரியவர் ஒருவருக்கு மனம் பொறுக்கவில்லை. பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் கால் வைத்த அன்றைக்கே தமிழ் கசந்துவிட்டதா என்று எல்லாரும் கேட்கச் சொன்னார். என் நண்பர்களும் இதையே சொன்னார்கள்: கதையின் உச்சம் இதுதான், மொழி கைநழுவிப் போகும் துயரத்தை இங்கே விரித்து எழுது என்றார்கள். நான் அப்படி எழுத மறுத்துவிட்டேன். நடந்தது அதுவல்ல.

முதலில் நடத்துநரின் பக்கத்தைப் பாருங்கள். அவருக்கு மலாய் ஒரு பள்ளிக்கூடத்து மொழி அல்ல, பிழைப்பு மொழி. மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று மூவரும் ஏறும் வண்டியில், நாள் முழுவதும் “மாசோக் டாலாம், மாசோக் டாலாம்” என்று ஆட்களை உள்ளே தள்ளிக்கொண்டிருப்பவருக்கு “பாகி” என்ற சொல் ஏன் சுடப்போகிறது? அவர் தயங்காததற்கு அதுதான் காரணம்.

பெண்ணின் பக்கம் இதைவிட நுட்பமானது. “மாமா” என்பது சிறு பிள்ளை வாயில் தாய்மாமன் முறை; பூப்பெய்திய பெண்ணின் வாயில் அதே சொல் கட்டிக்கொள்ளும் முறைக்காரனையும் குறிக்கும். வண்டியின் பின்புறத்தில் ஐந்தாம் படிவத்துப் பையன்கள் கூட்டம் ஒன்று இருந்தது. சடங்கு வைத்த செய்தி தோட்டம் முழுவதும் தெரிந்ததுதான். விடுமுறை முடியும் முன்பே, கடைத்தெருவில் அவளைப் பார்த்தபோது, “மாமா வண்டி வருது, மாமா வண்டி வருது” என்று அவர்கள் பாடியிருக்கிறார்கள். அவள் வீட்டில் சொல்லவில்லை. தமிழில் வேறு எந்த முறை சொல்லி அழைப்பது என்று யோசித்திருக்கிறாள். அண்ணன் என்றால் அவருக்கு வயது நாற்பதுக்கு மேல். சித்தப்பா, பெரியப்பா என்றால் நேற்று வரை மாமாவாக இருந்தவர் இன்றைக்கு எப்படி அப்பன் முறையாவார்? முறை எதுவும் ஒட்டாத “அங்கள்” ஒன்றுதான் மிஞ்சியது. “அங்கள்” என்று சொல்லிவிட்டு அதற்கு முன்னால் “வணக்கம்” என்றால் நாடக மேடைப் பேச்சு மாதிரி இருக்கும் என்பதால் “பாகி” தானாக வந்து சேர்ந்தது. அவள் தமிழை விட்டு ஓடவில்லை. அந்த ஒரு சொல்லை விட்டுத்தான் ஓடினாள்.

நடத்துநருக்கு இது புரிந்ததா? புரிந்தது என்பதற்குக் கதையில் நான் வைத்திருக்கும் சான்று, அவர் அன்றைக்கே செய்த இரண்டு காரியங்கள். கையைக் கொடுத்து ஏற்றிவிடுவதை நிறுத்தினார். “பாப்பா” என்பதையும் நிறுத்தினார். மறுநாள் முதல் அவர் சொன்னது “வாம்மா” மட்டும். அதைக்கூட டிக்கெட் பலகையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அந்தப் பலகையில் பத்துக் காசு, இருபது காசு, முப்பது காசுக் கட்டுகள் நிறம் நிறமாக அடுக்கியிருக்கும். இன்னொரு கையில் துளை போடும் இடுக்கி. அவள் மாதப் பாஸைக் காட்டுவாள், அவர் தலையசைப்பார். இருட்டில் குரல் கொடுப்பதையும் விட்டுவிட்டார்; அதற்குப் பதிலாக அவள் நிற்கும் இடத்துக்கு வருமுன் உள்விளக்கைப் போடச் சொன்னார். பின்னிருக்கைப் பையன்களை மட்டும் ஒரு நாள் முன்பக்கமாக வந்து நிற்க வைத்தார். ஏன் என்று அவரும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

படிவங்கள் ஒவ்வொன்றாகக் கடந்தன. மூன்றாம் படிவத்தில் எஸ்.ஆர்.பி. தேர்வு தேறினாள், 1989இல் ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். தேர்வு எழுதினாள். கூடப் படித்த தோட்டத்துப் பெண்கள் பலர் அதற்குள் தீவிலுள்ள பாயான் லெப்பாஸ் மின்னியல் தொழிற்சாலைகளுக்குப் போய்விட்டார்கள். பினாங்குப் பாலம் 1985இல் திறந்த பிறகு தொழிற்சாலை வண்டிகள் கடலைத் தாண்டி வந்தே ஆட்களை ஏற்றிக்கொண்டன. கிராமத்து வண்டியில் கூட்டம் குறைந்தது. இவள் 1990இல், தான் படித்த அதே தமிழ்ப்பள்ளிக்குத் தற்காலிக ஆசிரியையாகப் போகிறாள். அதே நிறுத்தம், அதே ஆறு நாற்பது.

சேலை கட்டி ஏறியவளிடம் பாஸ் இல்லை. வாழ்க்கையில் முதல் முறையாக முழுக் கட்டணம் கொடுத்தாள். அவர் சீட்டைக் கிழித்து, துளை போட்டு, இரண்டு விரல்களால் பிடித்து நீட்டி, “வாங்க டீச்சர், உட்காருங்க” என்றார், வண்டி முழுவதும் கேட்கும்படியாக. அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. அன்று மாலை ஆளில்லாத வண்டியில், “என்னை ஏன் வாங்க போங்கன்னு சொல்றீங்க?” என்று கேட்டாள். அவர் முன்னிருக்கைகளைக் காட்டினார். காலையில் அங்கே உட்கார்ந்து வந்தவர்கள் அவளுடைய வகுப்புப் பிள்ளைகள். “நான் வாம்மான்னு சொன்னா, நாளைக்கு அதுங்க உன்னை அக்கான்னு கூப்பிடும். அப்புறம் நீ எப்படிப் பாடம் நடத்துவ?” ஆளில்லாத வண்டியில் அவர் “உன்னை” என்றுதான் சொன்னார் என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

அந்தப் பெண் இன்றைக்கும், தனக்கு “வாங்க” கிடைத்தது வேலை கிடைத்த அன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். கதையில் நடத்துநரின் மனைவி வேறு கணக்குச் சொல்கிறார். எஸ்.ஆர்.பி. முடிவு வந்த நாளிலேயே அவர் வீட்டுக்கு வந்து, “நம்ம வண்டியில வர்ற பிள்ளை பாஸ் பண்ணிட்டாங்க” என்றாராம். “யாரு?” என்று மனைவி கேட்க, “அவங்கதான், லயத்து முனையில ஏறுறவங்க” என்றாராம். அப்படியானால் வண்டியில் “வாம்மா” என்று தலையைக் குனிந்தபடி சொல்லிக்கொண்டிருந்த கடைசி இரண்டு ஆண்டுகளும் வீட்டில் அவள் “அவங்க” ஆகிவிட்டிருந்தாள். எதிரில் இருக்கும்போது சொல்லும் சொல்லைவிட, இல்லாதபோது சொல்லும் சொல்லைத்தான் நான் நம்புவேன். ஆகவே மனைவியின் கணக்கையே கதையில் வைத்துக்கொண்டேன். அதைப் பெண்ணுக்குத் தெரிவிக்கும்படி ஒரு காட்சி எழுத வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். எழுதவில்லை. நடத்துநர் இல்லாமல், ஓட்டுநர் பக்கத்துப் பெட்டியில் காசைப் போடும் வண்டிகள் பிறகு அந்தச் சாலைக்கு வந்துவிட்டன. அவரும் வேறு வேலைக்குப் போய்விட்டார். அவளும் அவர் மனைவியும் கதையில் சந்திப்பதே இல்லை.